கோடு போடாத இடம்

அவருக்குக் 'காற்புள்ளி' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். பின்னால் யாராவது போட்டுக்கொடுப்பதற்குள் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் மனநல மருத்துவமனையின் பார்வையாளர் கூடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. 'நோயாளிகளுக்குப் பழம் துணி புத்தகம் மட்டும் தரலாம்.' இருபது வருஷமாக அது அங்கே தொங்குகிறது. ஒரு ஜீவனும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. இந்த மனுஷன் வந்த முதல் நாளே ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "மேடம், பழத்துக்குப் பின்னாடி ஒரு காற்புள்ளி, துணிக்குப் பின்னாடி ஒரு காற்புள்ளி போடணும்" என்றார். தங்கையைக் கொண்டுவந்து சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சட்டைக் கையில் அவளுடைய ரத்தம் காய்ந்திருந்தது. இவருக்குக் கல் மனசு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை. கை நடுங்கும்போது பிடித்துக்கொள்ள அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நான் இங்கே டைப்பிஸ்ட். முப்பத்தோரு வருஷம். டாக்டர்கள் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுப்பேன், டைப் அடிப்பேன், கோப்பில் சேர்ப்பேன். அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். கதை, கட்டுரை எதுவும் கிடையாது. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்கள் இல்லையா, யாரும் படிக்காமல் தூக்கிப் போடுவோமே, அதைப் படிக்கிறவர். 'ஒரு நாளைக்கு இரண்டு முறை' என்பது 'இரண்டு நாளைக்கு ஒரு முறை' ஆகிவிடாமல் காவல் காக்கிற வேலை. ஐம்பத்திரண்டு வயது, தடித்த கண்ணாடி, சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனா, ஆறங்குல ஸ்கேல் ஒன்று.

"ஒரு வாக்கியத்துக்கு ஒரு அர்த்தம்தான் இருக்கணும் மேடம். ரெண்டு இருந்தா எங்கயோ ஒருத்தன் செத்துடுவான்" என்பார். அவர் தொழிலுக்கு அது சரிதான்.

தங்கைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குகிற வேலை. பள்ளி நூலகத்தில் கவிதைப் புத்தகமாக எடுத்து எடுத்துப் படிப்பாளாம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை; அவளுக்கு வந்த இரண்டு இடமும் தட்டிப்போயின. அம்மா போன பிறகு வீட்டில் இரண்டே பேர். அம்மா இறந்த மாதம் அவள் நாலைந்து நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். தெரு ஜனம் வேடிக்கை பார்த்திருக்கிறது. அண்ணன் போய்க் கூட்டிவந்திருக்கிறார். அப்புறம் மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை. ஒரு நாள் பட்டப்பகலில் சமையலறை ஜன்னல் கண்ணாடியைக் குக்கர் மூடியால் அடித்து நொறுக்கி, கையெல்லாம் கிழிந்து கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டார் அச்சகத்துக்குப் போன் போட்டார்கள். அவர் ஓடிவந்து அவளை நேரே இங்கே கொண்டுவந்தார்.

கோப்பின் முதல் பக்கத்தை அடித்தது நான். 'காரணம் ஏதுமின்றி உடைமைகளைச் சேதப்படுத்தினார்.' அதற்கடுத்த கட்டத்துக்குத் தலைப்பு 'பிரமைகள்.' அதில் டாக்டரம்மா சொல்லச் சொல்ல அடித்தேன்: 'வீட்டில் தன்னை அடைத்து வைத்திருந்ததாக நம்புகிறார்.' அதை எழுதுவதற்கு முன்னால் டாக்டரம்மா அண்ணனிடம் கேட்காமல் இல்லை.

"அடைச்சு வைக்கிறதா? அவ என் தங்கச்சி டாக்டர். நல்லாப் பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான்" என்று சொன்னார். முகத்தில் பொய் இல்லை. பொய் இருந்திருந்தால் டாக்டரம்மா கண்டுபிடித்திருப்பார். அவர் மனசில் அதற்கு அந்தப் பேரே இல்லை, அதுதான் விஷயம்.

நாலு மாதத்துக்கு ஒரு முறை மறுபரிசீலனைக் குழு கூடும். டாக்டரம்மாவும் ஓய்வுபெற்ற ஒரு நீதிபதியும் உட்காருவார்கள், நான் குறிப்பெடுப்பேன். அவளை இரண்டு முறை 'இன்னும் ஆகவில்லை' என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறையும் அப்படியே ஆனால் நீண்டகாலப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அது வேறு ஊரில் இருக்கிறது. அங்கே போனவர்களின் கோப்பை நான் பிறகு திறந்ததே இல்லை. திறக்க வேண்டி வருவது கடைசித் தாளான இறப்புச் சான்றைச் சேர்க்கும்போது மட்டும்தான். இது அவருக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார்.

அந்த மூன்றாம் கூட்டத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது வார்டு நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். காய்ச்சல் அட்டவணையின் பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியது. தங்கையின் தலையணைக்கு அடியில் இருந்ததாம். நோயாளி எழுதியது எதுவானாலும் நகல் அடித்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். அசலை உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும்.

இங்கே எங்கள் ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோப்பில் வெற்றிடம் விடக்கூடாது. யாரோ ஒரு காலத்தில் காலியாக இருந்த வரியில் எதையோ நுழைத்துப் பெரிய வழக்காகிவிட்டதாம். அன்றிலிருந்து எந்த நகலையும் விடாமல் தொடர்ந்து அடிக்க வேண்டும்; பக்கத்தின் கீழே இடம் மிஞ்சினால் குறுக்கே கோடு போட்டு அடைக்க வேண்டும். கடிதமோ கணக்கோ எல்லாம் ஒரே பத்திதான். நான் அதில் கெட்டிக்காரி. ஒரு ஊசி நுழைகிற இடம் விடமாட்டேன். அன்றைக்கும் அப்படித்தான் அடித்தேன்:

'கதவைச் சாத்துகிறேன் வெளிச்சம் உன் நல்லதுக்குத்தான் சாவியை நான் வைத்திருக்கிறேன் ஒரு கோடாக யாரையும் உள்ளே விடமாட்டேன் தரையில் நகர்ந்து சத்தம் போட்டால் எனக்குத் தாங்காது சுவரில் ஏறி உன் நல்லதுக்குத்தான் கத்தியை எடுத்து ஒளித்துவைத்திருக்கிறேன் மறைகிறது நீ இல்லாமல் போனால் நானும் இல்லை மறுபடி உன் நல்லதுக்குத்தான் காலை.'

கடைசிப் புள்ளி அவள் வைத்தது இல்லை. பழக்கதோஷத்தில் நான் வைத்தது.

டாக்டரம்மாவுக்குத் தலைக்கு மேல் வேலை. அவர் படித்தது என் நகலைத்தான். படித்ததும் வார்டே அமளிதுமளிப்பட்டது. கத்தி எங்கே? மெத்தையைக் கிழித்தார்கள். குளியலறைச் சாக்கடை மூடியைக் கழற்றினார்கள். இரண்டு நாள் தேடியும் ஒரு ஸ்பூன்கூட அகப்படவில்லை. அவளைக் கேட்டபோது, "எங்கிட்ட இல்ல" என்றாள். அப்புறம் இதற்கு என்ன அர்த்தம் என்று அதட்டியதற்கு, "எழுதினத எழுதினபடி படிங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அதைப் 'பிரமைகள்' கட்டத்தில் எழுதிக்கொண்டவர்களிடம் அவள் வேறென்ன சொல்வாள்?

விதிப்படி நகலின் பிரதி அண்ணனுக்குப் போனது. 'நோயாளியிடம் ஆபத்தான எண்ணங்கள் காணப்படுகின்றன. இது குறித்துக் குழுவின் முன் கருத்துக் கூறலாம்' என்று ஒரு கடிதத்தோடு. மறுநாள் காலையிலேயே ஜன்னலில் நின்றார். கையில் அந்தப் பிரதி. சிவப்பு மையில் குளித்திருந்தது.

"மேடம், இதுல பதினோரு பிழை இருக்கு" என்றார். குரல் கரகரவென்று இருந்தது. ராத்திரி தூங்கின முகமாகத் தெரியவில்லை. "'கதவைச் சாத்துகிறேன்' முற்றுப்புள்ளி. 'வெளிச்சம் உன் நல்லதுக்குத்தான்' முற்றுப்புள்ளி. இது வரைக்கும் சரியா வருது. அதுக்கு மேல ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. 'சுவரில் ஏறி உன் நல்லதுக்குத்தான் கத்தியை எடுத்து'ன்னு வருது. அவ எதுக்கு சுவத்துல ஏறணும்?"

"இது கவிதையோ என்னமோ சார். அவங்க அதெல்லாம் படிப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அதுவும் பாத்துட்டேன். பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரி எதுகை பாத்தேன், மோனை பாத்தேன், சீரு பிரிச்சு எண்ணிப் பாத்தேன். ஒண்ணும் அமையல. அளவே இல்ல. இது கவிதையும் இல்ல, வாக்கியமும் இல்ல. புத்தி பேதலிச்சுப் போச்சுன்னுதான் அர்த்தம்." சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப டாக்டர் சொல்றதுதான் நிஜமா மேடம்? அவ யாரையோ குத்தப் போறாளா?"

அந்தப் பென்சில் தாள் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். என் விரல்கள் எதை இழுத்து மூடின என்று எனக்குத்தானே தெரியும்?

"சார், அசல் இப்படி இல்ல" என்றேன். "அதுல நிறைய இடம் விட்டிருந்தது. நான்தான் சேர்த்து அடிச்சேன். ரூல் அப்படி."

அவர் என்னைப் பார்த்த பார்வையை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். "இடத்த எடுத்துட்டீங்களா? ஒரு நம்பர் நடுவுல வர்ற புள்ளிய எடுத்தாலே டோஸ் பத்து மடங்கு ஏறிடும். நீங்க இடத்த பூரா எடுத்துட்டீங்களா?" அதுவரைக்கும் அவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. நான் வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

நெருங்கிய உறவு மனுக் கொடுத்தால் அசலைப் பார்க்கலாம். மனு கையெழுத்தாகி வர நாலு வாரம் இழுத்தடித்தார்கள். கூட்டத்துக்கு முந்தின நாள்தான் அனுமதி வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் அவரைப் பதிவேட்டு அறைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பக்கமும் கோப்பு அடுக்கு, நடுவில் ஒரு மேசை, மேலே ஒரு டியூப்லைட். உறையைப் பிரித்து வைத்தேன்.

கதவைச் சாத்துகிறேன்
        வெளிச்சம்
உன் நல்லதுக்குத்தான் சாவியை நான் வைத்திருக்கிறேன்
        ஒரு கோடாக
யாரையும் உள்ளே விடமாட்டேன்
        தரையில் நகர்ந்து
சத்தம் போட்டால் எனக்குத் தாங்காது
        சுவரில் ஏறி
உன் நல்லதுக்குத்தான் கத்தியை எடுத்து ஒளித்துவைத்திருக்கிறேன்
        மறைகிறது
நீ இல்லாமல் போனால் நானும் இல்லை
        மறுபடி
உன் நல்லதுக்குத்தான்
        காலை

குனிந்து பார்த்தார். பிறகு ஸ்கேலை எடுத்தார். உள்ளே தள்ளி எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக அளந்தார். ஏழு வரி. ஏழும் ஓரத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம். ஒரு நூல்கூட முன்னே பின்னே இல்லை.

"கை போன போக்குல எழுதினது இல்ல இது" என்றார். "இங்க பாருங்க, 'மறைகிறது'ன்னு முதல்ல ஓரத்துலயே எழுதியிருக்கா. அடிச்சுட்டு, மறுபடி உள்ள தள்ளி எழுதியிருக்கா. அது அங்கதான் இருக்கணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

அதற்கப்புறம் அவர் செய்ததைப் பார்க்க வேண்டுமே. வாழ்நாளெல்லாம் எதை வைத்துப் பிழை கண்டுபிடித்தாரோ அதே கண்ணை வைத்து இப்போது பிழை இல்லாததைத் தேடினார். எதுகை வரும், சீர் வரும் என்று காத்திருக்கவில்லை. எங்கே வரியை நிறுத்தியிருக்கிறாள், எங்கே தொடங்கியிருக்கிறாள், எது திரும்ப வருகிறது, எது நீளம், எது குட்டை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரத்து வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதினார். 'சாத்துகிறேன், வைத்திருக்கிறேன், விடமாட்டேன்.' எல்லாம் 'நான்', 'எனக்கு', 'நானும்.' நீ என்று கூப்பிடுவதும் அங்கேதான். உள்வரிகளை இன்னொரு தாளில் எழுதினார். அதில் தேடிப் பார்த்தும் ஒரு 'நான்' இல்லை, ஒரு 'நீ' இல்லை.

"இத மட்டும் மேலேர்ந்து கீழ படிங்க மேடம்" என்று அந்த இரண்டாம் தாளை நீட்டினார்.

படித்தேன். "வெளிச்சம், ஒரு கோடாக, தரையில் நகர்ந்து, சுவரில் ஏறி, மறைகிறது, மறுபடி காலை."

ஒரே வாக்கியம். துண்டு துண்டாக வெட்டி இடுக்கில் வைத்திருக்கிறாள். மூடின அறைக்குள் கதவிடுக்கு வழியாக வருகிற வெயில் கோடு காலையிலிருந்து தரையில் நகர்ந்து, சாயங்காலம் சுவரில் ஏறிக் காணாமல் போகிறது. யாரோ ஒருத்தி உட்கார்ந்து அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாத ஒருத்தி.

அவருக்கோ முகமெல்லாம் மலர்ந்து பளபளத்தது. "ரெண்டு பேர் மேடம்! ஒருத்தர் இல்ல. கத்தி வச்சிருக்கேன்னு சொல்றது வேற ஆளு. அவ உள்வரியில இருக்கா. அவ வெளிச்சத்த மட்டும்தான் பாக்கறா. யாரையும் ஒண்ணும் செய்யல. நீங்க சேத்து அடிச்சதுல ரெண்டு வாயும் ஒரே வாயாயிடுச்சு. நாளைக்கு இத காட்டினா போதும். விட்டுடுவாங்க!" ஒரு வருஷத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "ஒரு தடவை சத்தமா படிச்சுப் பாத்துடலாம். நாளைக்கு அங்க அப்படியே படிச்சுக் காட்டணும். நீங்க உள்வரிய படிங்க. நான் ஓரத்த படிக்கிறேன். ஒவ்வொரு வரி முடியறப்பவும் ஒரு மூச்சு நிறுத்தணும்."

படித்தோம்.

"கதவைச் சாத்துகிறேன்" என்றார் அவர். நிறுத்தினோம். "வெளிச்சம்" என்றேன் நான்.

"உன் நல்லதுக்குத்தான் சாவியை நான் வைத்திருக்கிறேன்."

"ஒரு கோடாக."

'யாரையும் உள்ளே விடமாட்டேன்' வரைக்கும் அறிவிப்பு வாசிப்பது போலத்தான் வாசித்தார். 'சத்தம் போட்டால் எனக்குத் தாங்காது' என்கிறபோது குரல் தானாக இறங்கி, வீட்டில் பேசுகிற குரலாகிவிட்டது. அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். கத்தி வரியில் தடுக்கினார். முதல் இரண்டு 'உன் நல்லதுக்குத்தான்' வரிகளிலும் பின்னால் ஒரு காரியம் உண்டு, சாவி, கத்தி என்று. மூன்றாவதில் பின்னால் ஒன்றுமே இல்லை. வெறும் சொல் மட்டும் வரியில் தனியாக நின்றது. "மறுபடி" என்று நான் படித்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சார்?"

"நான் தினமும் சொல்வேன்" என்றார். "காலைல எட்டரைக்கு. வெளிப் பக்கம் பூட்டிட்டு, கதவுகிட்ட வாய வச்சு சொல்வேன். உன் நல்லதுக்குத்தான்னு."

கையிலிருந்த தாளை மேசையில் வைத்தேன்.

"ரோட்டுல உக்காந்து அழுதா. சனம் சிரிச்சுது. நான் வேலைக்குப் போயிட்டா யாரு பாத்துக்கறது? வேலைய விடச் சொன்னேன். பூட்டினேன். காய் நறுக்கற கத்தியக்கூட... எங்க கையை அறுத்துக்குவாளோன்னு பயம். சாயங்காலம் ஆறுக்குத் திறப்பேன். மூணு மாசம்." கண்ணாடியைக் கழற்றினார். "அவ சொன்னா. டாக்டர்கிட்ட முதல் நாளே சொன்னா. நான் இல்லேன்னுட்டேன்."

என் வாய் சும்மா இருக்குமா? ஆத்திரம் தலைக்கேறியது. "ஒரு வருஷமா அந்தப் பொண்ணுக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டி உக்கார வச்சிருக்கீங்களே சார்! பூட்டின வீட்லேர்ந்து வெளிய வர ஜன்னல உடைச்சா, அதுக்குப் பேரு நோயா?" என்று கத்திவிட்டேன். கத்தின மறு நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தக் கட்டத்தை அடித்ததும், இடத்தை இழுத்து மூடினதும் என் விரல்கள்தானே. யோக்கியதை இருக்கிறதா எனக்கு?

அவர் இரண்டு தாள்களையும் விளிம்பு ஒட்டி மடித்தார். "நாளைக்கு இத சொன்னா அவள எங்கூட அனுப்பமாட்டாங்க" என்றார். "சொல்லலேன்னா?" என்று என்னைக் கேட்டார். மேசையில் நான் கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

மறுநாள் கூட்டம் பத்தரைக்கு. அசலை நடுவில் வைத்து, அளந்த கணக்கையும், அடித்துத் திருத்தின இடத்தையும், இரண்டு தாள்களையும் காட்டி அவர் விளக்கினார். குரல் நடுங்கவில்லை. நீதிபதி உள்வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துவிட்டு, "அடடே" என்றார். டாக்டரம்மா என் நகலையும் அசலையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"அப்படீன்னா ஓரத்துல பேசறது யாரு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நீதிபதி முந்திக்கொண்டார். "கவிதைதானேம்மா. அதுல பேசறவங்க நிஜ ஆளா இருக்கணும்னு என்ன இருக்கு? கற்பனைப் பாத்திரமா இருக்கலாமே."

"அதுவும் சரிதான்" என்றார் டாக்டரம்மா. "அப்ப கத்தியும் கற்பனைதான். இவ்வளவு கட்டுக்கோப்பா எழுதறவங்களுக்கு சிந்தனை குழம்பியிருக்குன்னு நான் சொல்ல முடியாது. ஆபத்து இல்லைன்னு எழுதிடலாம். அண்ணன் பொறுப்புல வீட்டுக்கு அனுப்பிடலாம், என்ன சொல்றீங்க?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சாயங்காலமே தங்கையைக் கையோடு கூட்டிப் போயிருக்கலாம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு என்றும் வேண்டிக்கொண்டேன், சொல்லாதே என்றும் வேண்டிக்கொண்டேன்.

"சார் சொல்றது பொதுவா சரி" என்றார். "கவிதையில வர்ற 'நான்' எழுதினவங்களா இருக்கணும்னு இல்ல. நிஜமான யாரோவா இருக்கணும்னும் இல்ல. ரெண்டு குரல்ங்கறது வரைக்கும்தான் இந்தத் தாள்ல இருக்கு. அது யாருன்னு இந்தத் தாள மட்டும் வச்சு யாராலயும் சொல்ல முடியாது." தாளை டாக்டரம்மா பக்கம் நகர்த்தினார். "நான் இத வச்சு சொல்லல. கத்தி எங்க வீட்டு அலமாரி மேல இருக்கு. நியூஸ்பேப்பர்ல சுத்தி நான்தான் வச்சேன். வெளியில பூட்டினதும் நான்தான். உங்ககிட்ட இல்லேன்னு சொன்னதும் நான்தான்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். கோப்பின் முதல் பக்கத்தைத் திருப்பி, 'பிரமைகள்' கட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவரை வெளியே போய் உட்காரச் சொன்னார். அண்ணன் எதிரில் இல்லாமல் தங்கையைக் கேட்க வேண்டும் என்றார்.

அவள் வந்தாள். மெலிந்த உடம்பு, கையில் தழும்பு. மேசையில் தன் தாளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இத சரியா படிச்சது யாரு?" என்று கேட்டாள்.

"உங்க அண்ணன்" என்றார் டாக்டரம்மா. "எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை வேலையை இன்னும் வைத்திருப்பதாகவும், ஆசிரியைகள் விடுதியில் இடம் தருவதாகவும் எழுதியிருந்தார். எங்கே போக விருப்பம் என்று கேட்டபோது விடுதிக்கு என்றாள். அண்ணன் வீட்டுக்கு வரவில்லையா என்று டாக்டரம்மா கேட்டார். அதற்கும் பதில் சொன்னாள். பிறகு தாளைத் தரச் சொல்லி வாங்கி மடித்துக்கொண்டு வார்டுப் பக்கத்து வாசல் வழியாகப் போனாள். அவர் உட்கார்ந்திருந்ததோ பார்வையாளர் கூடத்துப் பக்கத்து வாசலில்.

நான் வெளியே வந்தபோது அவர் பெஞ்சின் நுனியில் இருந்தார். "அவள அந்த ஊருக்கு அனுப்பலதானே?" என்றார் முதலில்.

"இல்ல. விடுதிக்குப் போறாங்க. வேலையும் இருக்கு."

தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "எங்கிட்ட வர்றாளான்னு கேட்டாங்களா?" என்றார்.

"கேட்டாங்க."

"என்ன சொன்னா? 'இப்ப வரல'ன்னாளா, 'வரல'ன்னாளா? சரியா பாத்துச் சொல்லுங்க அக்கா."

அத்தனை நாளும் மேடம் என்றவர் அன்றைக்குத்தான் அக்கா என்றார். எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. இருந்தாலும் குறிப்பேட்டைப் புரட்டினேன். பார்க்காமல் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார். 'வரல' என்று இருந்தது. முன்னால் ஒன்றும் இல்லை.

"வரல" என்றேன்.

"அதுக்குப் பின்னால?"

"ஒண்ணும் இல்ல சார். பக்கத்துல பாதி காலியா இருக்கு."

அந்தக் காலி இடத்தைத் தன் ஸ்கேலால் அளப்பவர் போலப் பார்த்தார். "டைப் அடிச்சதும் அதுக்குக் கோடு போட்டு அடைச்சுடுவீங்க இல்ல?"

"போடணும். ரூல்."

"போடாதீங்க அக்கா" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். ஐம்பத்திரண்டு வயசு ஆம்பிளை, பார்வையாளர் கூடத்தில், எல்லோரும் பார்க்க, பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பெண் அழுதது போல.

முப்பத்தோரு வருஷத்தில் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் நான் கோடு போடவில்லை. தணிக்கைக்கு வந்தவன் கேட்டதற்கு, மறந்துவிட்டது என்றேன். அவர் இன்னமும் மாதத்தில் ஒரு பார்வையாளர் நாளில் வந்து என் ஜன்னலில் நிற்கிறார். தங்கை இங்கே இல்லை என்று அவருக்குத் தெரியும். அவளிடமிருந்து ஏதாவது கடிதம் வந்ததா, அந்தப் பக்கத்தில் ஏதாவது சேர்த்து எழுதியாச்சா என்று கேட்பதற்காக வருகிறார்.

இல்லை என்று சொல்கிறேன். கோடு போடவில்லையே என்று கேட்கிறார். போடவில்லை என்கிறேன். சரி என்று சொல்லிவிட்டுப் போகிறார்.